வெளிச்சுவர் வண்ணப்பூச்சு, தண்ணீர்த் தொட்டி சுத்தம்: குடியிருப்போருக்கு அறிவிப்பு

நங்கநல்லூர், சென்னை
ஞாயிறு, 18 ஜனவரி 2026

நம் கட்டடத்தின் 12 வீடுகளிலும் குடியிருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

பிப்ரவரி 2 திங்கள் முதல் 20 வெள்ளி வரை கட்டடத்தின் வெளிச்சுவர்களுக்கும் பால்கனி கிரில்களுக்கும் வண்ணம் பூசப்படும். அதை அடுத்து 21 சனி, 22 ஞாயிறு ஆகிய இரு நாட்களில் சம்ப்பும் மாடித் தொட்டிகளும் கழுவப்படும். செலவு முழுவதும் என்னுடையது. வாடகையிலோ பராமரிப்புத் தொகையிலோ ஒரு ரூபாய்கூட உயராது.

சென்ற வடகிழக்குப் பருவமழையில் பின்பக்கச் சுவரின் விரிசல்கள் வழியாக ஈரம் இறங்கி, 7ஆம் எண் வீட்டிலும் 11ஆம் எண் வீட்டிலும் படுக்கையறைச் சுவர் பொரிந்துவிட்டது. சுவர் நன்றாகக் காய்ந்த பிறகு பூசினால்தான் வண்ணம் நிற்கும் என்பதால் பொங்கல் கழியும்வரை காத்திருந்தோம். மார்ச்சில் பொதுத்தேர்வு தொடங்கிவிடும். தேர்வு எழுதும் பிள்ளைகள் இரண்டு வீடுகளில் இருக்கிறார்கள். அதற்குள் சாரத்தைப் பிரித்துவிட வேண்டும் என்பதை முதல் நிபந்தனையாகச் சொல்லித்தான் பெயிண்டிங் மேஸ்திரியிடம் வேலையை ஒப்படைத்திருக்கிறேன்.

வண்ணப்பூச்சு நடக்கும் நாட்கள்

வேலை காலை 9 மணி முதல் மாலை 5.30 வரை நடக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் (பிப்ரவரி 8, 15) வேலை இல்லை.

தெருப்பக்கச் சுவரும் தெற்குச் சுவரும்: 2, 3 தேதிகளில் சவுக்குக் கம்புச் சாரம் கட்டுவார்கள். 4, 5 தேதிகளில் சுவரைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, பழைய வண்ணத்தைச் சுரண்டுவார்கள். 6ஆம் தேதி விரிசல் அடைப்பு, 7ஆம் தேதி பிரைமர், 9, 10 தேதிகளில் இரண்டு கோட் வண்ணம்.

பின்பக்கச் சுவரும் வடக்குச் சுவரும்: 11ஆம் தேதி சாரம் இடம் மாறும். 12, 13 கழுவிச் சுரண்டுதல், 14 விரிசல் அடைப்பு, 16 பிரைமர், 17, 18 வண்ணம். 19ஆம் தேதி சாரம் பிரிக்கப்படும். 20ஆம் தேதி கேட், மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர், வளாகம் பெருக்குதல்.

தெருப்பக்கம் பால்கனி உள்ள வீடுகள் 1, 2, 5, 6, 9, 10. பின்பக்கம் பால்கனி உள்ளவை 3, 4, 7, 8, 11, 12. பக்கவாட்டு ஜன்னல்கள் இரு கட்டங்களிலும் மாட்டிக்கொள்ளும் என்பதால் 1, 5, 9 வீட்டினரும் 3, 7, 11 வீட்டினரும் இரண்டு வரிசைத் தேதிகளையும் குறித்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குள் வர வேண்டிய நாட்கள்

சுவர் வேலை முழுவதும் சாரத்தில் நின்றே நடந்துவிடும். பால்கனி கிரிலின் உட்பக்கத்துக்கு மட்டும் வீட்டின் வழியாக வர வேண்டும். தெருப்பக்க வீடுகளுக்கு 4, 5, 9, 10 தேதிகளிலும், பின்பக்க வீடுகளுக்கு 12, 13, 17, 18 தேதிகளிலும் வருவோம். ஒரு வீட்டுக்கு ஒரு முறைக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். எந்த வீட்டுக்கு எத்தனை மணிக்கு என்பதை முந்தைய நாள் காலை 9 மணிக்கு முன்பே ஒவ்வொருவருக்கும் தெரிவிப்பேன். மாநில வாடகைச் சட்டம் கேட்கும் 24 மணி நேர முன்னறிவிப்பு அதுதான். யார் வீட்டுக் கதவையும் யாரும் திடீரென்று தட்ட மாட்டார்கள்.

வேலைக்குப் போகிறவர்கள் விடுப்பு எடுக்க வேண்டியதில்லை. சாவியை என் வீட்டில் கொடுத்தால், வேலை முடியும்வரை நானே உள்ளே நின்று, பூட்டிவிட்டு வருவேன். சாவி வேலையாட்கள் கையிலோ வாட்ச்மேன் கையிலோ போகாது. சாவி கொடுக்க விருப்பமில்லை என்றாலும் தயங்காமல் சொல்லுங்கள். நீங்கள் வீட்டில் இருக்கும் நேரம் மாலை 5 மணிதான் என்றால் அந்த நேரத்துக்கே ஆளை வரச்சொல்கிறேன். கைக்குழந்தை உள்ள வீடு, ஆஸ்துமா உள்ள பெரியவர்கள் இருக்கும் வீடு, இரவுப்பணி முடிந்து பகலில் உறங்குபவர்கள் இருக்கும் வீடு, எதுவானாலும் ஜனவரி 28 புதன்கிழமைக்குள் தெரிவியுங்கள். அதற்கேற்ப வரிசையை மாற்றலாம்.

தேர்வு எழுதும் பிள்ளைகள் உள்ள வீடுகளை ஒட்டிய சுவரை அவர்கள் பள்ளியில் இருக்கும் நேரத்தில் மட்டுமே சுரண்டுவார்கள்.

கிரிலின் பழைய பெயிண்ட் பற்றி

இந்தக் கட்டடம் 1998இல் கட்டியது. வீட்டு உபயோக வண்ணங்களில் ஈயத்தின் அளவு 90 பிபிஎம் மட்டுமே இருக்கலாம் என்ற விதி 2016இல் வெளியாகி, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே கிரில்களில் அடியில் இருக்கும் பழைய எனாமலில் ஈயம் இருக்கக்கூடும் என்று எடுத்துக்கொள்வதே நல்லது. அந்தத் தூசி சிறு குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். எனவே உலர்ந்த உப்புத்தாள் போட்டுத் தேய்க்கக் கூடாது, ஈரம் வைத்துத்தான் தேய்க்க வேண்டும் என்று மேஸ்திரியிடம் உறுதியாகச் சொல்லியிருக்கிறேன். தேய்க்கும் நாளில் பால்கனிக் கதவைச் சாத்திவையுங்கள். குழந்தைகளைப் பால்கனிப் பக்கம் விடவேண்டாம். உதிர்ந்த பெயிண்ட் செதில்களைத் துடைப்பத்தால் கூட்டாமல் ஈரத்துணியால் ஒற்றி எடுத்துக் குப்பையில் கட்டிப்போடுவது எங்கள் வேலை. எங்காவது விட்டுப்போயிருந்தால் உடனே கூப்பிடுங்கள்.

நீங்கள் செய்துதர வேண்டியவை

உங்கள் பக்கம் சாரம் கட்டும் நாளுக்கு முன்பே பால்கனியில் உள்ள செடித்தொட்டி, கொடிக்கயிறு, சைக்கிள், புறா வலை எல்லாவற்றையும் உள்ளே எடுத்துவிடுங்கள். கனமான தொட்டிகளை நகர்த்த ஆள் வேண்டுமானால் வாட்ச்மேன் உதவுவார். கழுவும் நாட்களிலும் வண்ணம் பூசும் நாட்களிலும் ஜன்னல்களைத் தாழிட்டு, உள்பக்கம் ஒரு பழைய துணியைச் சுருட்டி வையுங்கள். பீய்ச்சும் தண்ணீர் இடுக்கு வழியாக உள்ளே வரும்.

ஏசியின் வெளி யூனிட்டை அந்த நாட்களில் காலை 9 முதல் மாலை 5.30 வரை பிளாஸ்டிக் தாளால் மூடியிருப்போம். மூடியிருக்கும்போது ஏசியைப் போட்டால் சூடு வெளியேற வழியின்றிக் கம்ப்ரஸர் கெட்டுவிடும். மாலையில் தாளை அகற்றிவிடுவோம், இரவில் வழக்கம்போலப் போட்டுக்கொள்ளலாம்.

கார்களையும் இருசக்கர வாகனங்களையும் சாரம் நிற்கும் பக்கத்தில் நிறுத்த வேண்டாம். அடுத்த தெருவில் உள்ள காலி மனையில் பிப்ரவரி 20 வரை நிறுத்திக்கொள்ள அதன் உரிமையாளரிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன். மொட்டை மாடிக் கதவு 2ஆம் தேதி முதல் 22ஆம் தேதி வரை பூட்டியிருக்கும். துணி உலர்த்தவும் வடகம் பிழியவும் அதற்குப் பிறகு மாடி உங்களுடையது.

சாரம் நிற்கும்வரை ஜன்னலுக்கு வெளியே ஆட்கள் நடமாடுவார்கள். திரைச்சீலையை இழுத்து விட்டுக்கொள்ளுங்கள். இரவில் பால்கனிக் கதவை உள்ளே தாழ்போடாமல் ஒரு வீட்டிலும் படுக்கக் கூடாது. சாரத்தின் கீழ்க்கம்புகளைத் தினமும் மாலையில் கழற்றி வைப்போம், வாட்ச்மேன் இரவில் சுற்றிவருவார். இருந்தாலும் உங்கள் தாழ்ப்பாள்தான் முதல் காவல்.

தொட்டி சுத்தம்: 21, 22 தேதிகள்

சுரண்டிய தூசி மாடியிலும் சம்ப் மூடியைச் சுற்றிலும் படியும். அதனால்தான் தொட்டி வேலையைக் கடைசியில் வைத்திருக்கிறோம்.

சனிக்கிழமை 21ஆம் தேதி மெட்ரோ தண்ணீர் சம்ப்பும் அதற்குரிய மாடித் தொட்டியும் கழுவப்படும். அன்று காலை 8 மணி முதல் மாலை 5 மணி வரை சமையலறைக் குழாயில் தண்ணீர் வராது. குளியலறையில் போர்வெல் தண்ணீர் வரும். ஞாயிற்றுக்கிழமை 22ஆம் தேதி போர்வெல் தொட்டி கழுவப்படும். அன்று காலை 8 முதல் மதியம் 2 வரை குளியலறை, கழிப்பறைக் குழாய்களில் தண்ணீர் வராது, சமையலறையில் வரும். இரண்டும் ஒரே நாளில் நிற்கக் கூடாது என்றுதான் வேலையை இப்படிப் பிரித்தோம். நோன்பு இருக்கும் வீட்டினருக்கு: சனிக்கிழமை நோன்பு திறப்பதற்கு முன் சமையலறைத் தண்ணீர் வந்துவிடும், அதற்கு நான் பொறுப்பு.

வெள்ளி இரவே குடிக்கவும் சமைக்கவும் வேண்டிய தண்ணீரைப் பிடித்து மூடிவையுங்கள். சனி இரவு இரண்டு வாளி குளியலறையில் இருக்கட்டும். சம்ப்பில் தண்ணீர் மிஞ்சி அதைத் தெருவில் இறைத்துவிடும் நிலை வரக்கூடாது என்பதால் 18ஆம் தேதி முதல் சம்ப்பை நிரப்ப மாட்டோம். அந்த மூன்று நாளும் கொஞ்சம் சிக்கனமாகப் பயன்படுத்துங்கள்.

இரண்டு நாட்களிலும் கீசர் சுவிட்சை அணைத்துவையுங்கள். சனிக்கிழமை காலை ஆர்ஓ இயந்திரத்துக்குப் போகும் குழாயையும் மூடிவிடுங்கள். தொட்டிச் சுவர்களை பிளீச்சிங் பவுடர் கரைசலால் துடைத்து, அரைமணி நேரம் விட்டு, நல்ல தண்ணீரால் அலசி வெளியேற்றுவார்கள். முதலில் வரும் தண்ணீரில் லேசான வாடையும் கலங்கலும் இருக்கும். அதை வாளிகளில் பிடித்துத் தரை கழுவ வைத்துக்கொண்டு, வாடை போனபின் ஆர்ஓவைத் திறவுங்கள். குளோரின் ஆர்ஓ சவ்வைக் கெடுக்கும். மீன்தொட்டி வைத்திருப்பவர்கள் இந்தத் தண்ணீரை உடனே ஊற்ற வேண்டாம், மீன்கள் செத்துவிடும்.

தண்ணீரை மாற்றினால் போதாதா, தேய்த்துக் கழுவ வேண்டுமா என்று ஒரு வீட்டில் கேட்டார்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் முட்டைகளை ஒட்டிவைக்கிறது. சுவர் காய்ந்துபோனாலும் அவை மாதக்கணக்கில் உயிரோடு இருந்து, தண்ணீர் தொட்டவுடன் பொரிகின்றன. எனவே தேய்க்காமல் விட்ட தொட்டி, கழுவிய தொட்டி ஆகாது. மாடித் தொட்டி மூடிகள் இரண்டையும் இத்தோடு புதிதாக மாற்றுகிறேன். காற்றுக்குழாயில் வலையும் கட்டப்படும்.

மோட்டார் சுவிட்சை யாரும் தொடாதீர்கள்

இந்த அறிவிப்பில் எதை மறந்தாலும் இதை மட்டும் மறக்க வேண்டாம். சம்ப் எட்டடி ஆழம். அதற்குள் ஈரத்தில் ஒரு மனிதர் நின்று கழுவிக்கொண்டிருப்பார். குழாயில் தண்ணீர் வரவில்லையே என்று படிக்கட்டுக்கு அடியில் உள்ள சுவிட்சை யாராவது பழக்கதோஷத்தில் தட்டினால், மின்கசிவில் அவர் உயிரே போகலாம். மோட்டாரின் ஃபியூஸ் கேரியரைக் கழற்றி என் கையில் வைத்திருப்பேன், சுவிட்ச் பெட்டிக்குப் பூட்டும் போடுவேன். அப்படியிருந்தும் வீட்டில் உள்ள பெரியவர்களுக்கும், வேலைக்கு வரும் அம்மாக்களுக்கும், விளையாடும் பிள்ளைகளுக்கும் நீங்கள் சொல்லிவைக்க வேண்டும்.

மூடிக்கிடந்த சம்ப்பில் உயிர்க்காற்று குறைந்திருக்கும் என்பதால் மூடியைத் திறந்து ஒரு மணி நேரம் விட்டு, மின்விசிறியால் காற்று செலுத்திய பிறகே ஆள் இறங்குவார். இடுப்பில் கயிறு இருக்கும், மேலே இரண்டு பேர் நிற்பார்கள். இதனால் வேலை தாமதமானால் பொறுத்துக்கொள்ளுங்கள், அவசரப்படுத்தாதீர்கள். மூடி திறந்திருக்கும் நேரம் முழுவதும் குழந்தைகளை வளாகத்தில் விளையாட விடவேண்டாம்.

சாரத்தில் நிற்பவர்களுக்கும் இதே அக்கறை தேவை. அவர்கள் நிற்கும் பக்கத்தில் ஜன்னல் கதவை வெளிப்புறமாகத் திடீரென்று திறக்காதீர்கள். கயிறு, கம்பு எதிலும் துணி காயப்போட வேண்டாம். குடிக்கத் தண்ணீர் கேட்டால் கொடுங்கள். கீழ்த்தளக் கழிப்பறை அவர்களுக்காகத் திறந்திருக்கும். கூலி கொடுப்பது என் பொறுப்பு, யாரும் உங்களிடம் பணம் கேட்க மாட்டார்கள்.

எதிர்பாராமல் மழை வந்தால் வண்ணப்பூச்சுத் தேதிகள் தள்ளிப்போகும். தொட்டி சுத்தமும் அதன் பின்னால்தான் நடக்கும். புதிய தேதியைக் குறைந்தது இரண்டு நாட்கள் முன்னதாகக் கீழ்த்தள அறிவிப்புப் பலகையில் ஒட்டி, ஒவ்வொரு வீட்டுக்கும் தொலைபேசியிலும் சொல்வேன்.

வேலையில் ஏதேனும் உடைந்தாலோ கறை பட்டாலோ அன்றே காட்டுங்கள், சரிசெய்து தருகிறேன். படிக்கட்டுப் பக்கத்து மேசையில் ஒரு பதிவேடு வைத்திருக்கிறேன். இதைப் படித்ததற்கு அடையாளமாக, உங்கள் வீட்டு எண்ணுக்கு எதிரே கையெழுத்திட்டு, சாவி கொடுப்பீர்களா அல்லது வீட்டில் இருப்பீர்களா என்பதை ஜனவரி 28க்குள் எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
கட்டட உரிமையாளர்
கீழ்த்தளம்