குழந்தைத் தொப்பி: படத்தில் உள்ள பின்னல் குறிப்பு, விரித்து எழுதியது

அக்கா, நீங்கள் போனில் எடுத்து அனுப்பிய பின்னல் தாளில் இருந்த சுருக்கெழுத்துகளை எல்லாம் முழுதாக எழுதிவிட்டேன். காலையில் பிரட்டுக்குப் போகுமுன் பிள்ளைக் காம்பராவில் விடுகிற 1 முதல் 3 வயதுப் பிள்ளைகளுக்கு இந்த அளவு சரியாக வரும். தாள் பழைய பிரித்தானியத் தாள். அதனால் அங்குலத்தையும் அவுன்ஸையும் செ.மீ., கிராம் என்று மாற்றியிருக்கிறேன்.

தேவையான பொருட்கள்

- டபுள் நிட்டிங் கனமுள்ள நூல் 57 கிராம் (தாளில் 2 அவுன்ஸ்). 50 கிராம் உருண்டை என்றால் இரண்டு வேண்டும். அக்ரிலிக் நூலே வாங்குங்கள். சுத்தக் கம்பளி சுடுநீரில் சுருங்கும், நம் மழைக்கு லேசில் காயாது.
- 4 மி.மீ. பின்னல் ஊசி ஒரு சோடி. தாளில் No. 8 என்று இருப்பது பழைய பிரித்தானிய எண். அமெரிக்க அளவில் 8 என்றால் 5 மி.மீ., அதில் பின்னினால் தொப்பி பெரிதாகிவிடும். கடையில் மி.மீ. சொல்லியே கேளுங்கள்.
- மொட்டை முனைத் தையல் ஊசி, கத்தரிக்கோல், அளவு நாடா.

நான்கு சொற்கள்

நேர்க்கண்ணி (தாளில் K): நூல் பின்பக்கம் இருக்க, ஊசியை முன்னாலிருந்து பின்னால் நுழைத்துப் பின்னுவது.
மறுகண்ணி (P): நூலை முன்பக்கம் கொண்டுவந்து, ஊசியைப் பின்னாலிருந்து முன்னால் நுழைத்துப் பின்னுவது.
இரண்டை ஒன்றாக (K2tog): இரண்டு கண்ணிகளுக்குள்ளும் ஊசியைச் சேர்த்து நுழைத்து ஒரே நேர்க்கண்ணியாகப் பின்னுவது. ஒரு கண்ணி குறையும்.
நல்ல பக்கம் (RS): தொப்பியைப் போட்டால் வெளியே தெரியும் பக்கம். மற்றது உள்பக்கம் (WS).

முதலில் ஒரு சின்னத் துண்டு பின்னி அளந்து பாருங்கள். 10 செ.மீ. அகலத்தில் 22 கண்ணி வரவேண்டும். கூட வந்தால் ஒரு அளவு பெரிய ஊசி, குறைந்து வந்தால் ஒரு அளவு சின்ன ஊசி.

பின்னும் முறை

1. நூல் முனையில் 30 செ.மீ. தொங்கவிட்டு, ஊசியில் 90 கண்ணி ஏற்றுங்கள்.

2. நல்ல பக்கம்: 2 நேர், 2 மறு என்று மாற்றி மாற்றிப் பின்னுங்கள். கடைசி 2 கண்ணியும் நேர்.

3. உள்பக்கம்: 2 மறு, 2 நேர். கடைசி 2 கண்ணியும் மறு.

4. படி 2, 3 இரண்டையும் மாறி மாறிச் செய்து பட்டியை 4 செ.மீ. உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். உள்பக்க வரிசையோடு நிறுத்துங்கள்.

5. இனி நல்ல பக்கம் முழுக்க நேர், உள்பக்கம் முழுக்க மறு. அடியிலிருந்து 11 செ.மீ. வந்ததும், மறுபடி உள்பக்க வரிசையோடு நிறுத்துங்கள்.

6. இப்போது உச்சி. தாளில் இருப்பது இவ்வளவுதான்:

```
K1, *K9, K2tog; rep from * to last st, K1.
P 1 row. Cont dec thus until 10 sts rem.
```

இந்த இரண்டு வரிக்குள் இருபது வரிசை அடங்கியிருக்கிறது. படத்தில் மடிப்பு நிழல் விழுந்து K9 என்பது K8 மாதிரித் தெரிகிறது, ஆனால் 9 தான். ஓரக் கண்ணி இரண்டைக் கழித்தால் 88 மிஞ்சும், அதை எட்டாகப் பிரித்தால் பங்குக்கு 11. ஒன்பதும் இரண்டும் சேர்ந்தால்தான் பதினொன்று.

குறைக்கும் வரிசைகள் எல்லாம் நல்ல பக்கத்தில். ஒவ்வொன்றும் 1 நேரில் தொடங்கி 1 நேரில் முடியும். இடையில் கீழே சொல்வதை 8 தடவை பின்னுங்கள்:

- 9 நேர், இரண்டை ஒன்றாக. மிச்சம் 82 கண்ணி.
- 8 நேர், இரண்டை ஒன்றாக. மிச்சம் 74.
- 7 நேர், இரண்டை ஒன்றாக. மிச்சம் 66.
- 6 நேர், இரண்டை ஒன்றாக. மிச்சம் 58.
- 5 நேர், இரண்டை ஒன்றாக. மிச்சம் 50.
- 4 நேர், இரண்டை ஒன்றாக. மிச்சம் 42.
- 3 நேர், இரண்டை ஒன்றாக. மிச்சம் 34.
- 2 நேர், இரண்டை ஒன்றாக. மிச்சம் 26.
- 1 நேர், இரண்டை ஒன்றாக. மிச்சம் 18.
- இரண்டை ஒன்றாக மட்டும். மிச்சம் 10.

ஒவ்வொன்றுக்கும் பிறகு உள்பக்கத்தில் ஒரு வரிசை முழுக்க மறு. அந்த வரிசை போகும்போதே கண்ணியை எண்ணிக்கொள்ளுங்கள். எண் பிசகினால் அந்த வரிசையையும் அதற்கு முந்தின குறைக்கும் வரிசையையும் பிரித்தால் போதும். விட்டுவிட்டால் உச்சி கோணலாக வரும், பிறகு எங்கே பிசகியது என்று தேடுவது பெரும்பாடு.

7. நூலை 40 செ.மீ. விட்டு வெட்டி, தையல் ஊசியில் கோத்து, 10 கண்ணிக்குள்ளும் ஓட்டி இறுக்கி இழுங்கள். ஓட்டை மூடியதும் உள்பக்கம் ஒரு முடிச்சு.

8. நல்ல பக்கத்து ஓரங்கள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, உச்சியிலிருந்து பாதி வரை இந்த நூலால் தையுங்கள். அடியில் தொங்கவிட்ட நூலால் கீழிருந்து மேலே வந்து சேருங்கள். மிச்ச முனைகளை உள்பக்கக் கண்ணிகளுக்குள் ஓட்டி வெட்டிவிடுங்கள்.

தாளின் கடைசி வரியில் நாடியில் கட்டும் நாடா இருக்கிறது. அதை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். காம்பராவில் தூங்கும் பிள்ளையின் கழுத்தில் அது சுற்றிக்கொள்ளலாம். பட்டி இறுக்கமாக வந்தாலே தொப்பி கழன்று விழாது. தூங்கவைக்கும்போது தொப்பியையும் கழற்றிவிடச் சொல்லுங்கள்.