ஆட்ட மேஜையில் போன் வேண்டாம்: உறுப்பினர்களுக்குச் செயலாளரின் கடிதம்

அன்புள்ள உறுப்பினர்களுக்கு,

வணக்கம். வருகிற சனிக்கிழமை முதல், நம் செஸ் கழகத்தில் ஆட்டம் நடக்கும்போது யாருடைய போனும் மேஜைமேலோ மடியிலோ சட்டைப் பையிலோ இருக்கக்கூடாது என்று நிர்வாகக் குழு முடிவு செய்திருக்கிறது. வாசலை ஒட்டி 24 தட்டுகள் உள்ள ஒரு மர அலமாரி வைத்திருக்கிறோம். உள்ளே வந்ததும் போனை அணைத்து அதில் வைத்துவிட்டு உட்காருங்கள். ஆட்டம் முடிந்ததும் எடுத்துக்கொள்ளலாம்.

ஏன் இந்தத் திடீர் முடிவு என்று கேட்பீர்கள். போன வாரம் மூன்றாம் மேஜையில் நடந்ததைச் சிலர் பார்த்தீர்கள், பலர் காதால் கேட்டீர்கள். ராஜாக்களைத் தவிர யானைகளும் சில சிப்பாய்களும் மட்டும் மிஞ்சிய முடிவாட்டம். ஒருவருக்கு இரண்டு நிமிடம், மற்றவருக்கு 40 வினாடி. மேஜை ஓரத்தில் கவிழ்த்து வைத்திருந்த போன் அதிர ஆரம்பித்தது. மணிச் சத்தத்தை நிறுத்தியாயிற்றே, அது போதும் என்று போனுக்குச் சொந்தக்காரர் நினைத்திருந்தார். அதுவோ மரப்பலகைமேல் உறுமிக்கொண்டே ஊர்ந்துபோய்க் கடிகாரத்தில் முட்டியது. பதறிப்போய் அதைப் பிடிக்கக் கையை நீட்டியதில் இரண்டு சிப்பாய்கள் உருண்டன. அவை எந்தக் கட்டத்தில் நின்றன என்பதில் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. ஐந்து நிமிடத்துக்கும் குறைவாக இருந்ததால் இருவருமே நகர்வுகளை எழுதுவதை நிறுத்தியிருந்தார்கள். கடைசியில் சமன் என்று கைகுலுக்கி எழுந்தார்கள், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

அந்தப் போன் என்னுடையது. எதிரே ஆடியவரிடம் அன்றே மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அவருக்கு வெல்ல வாய்ப்பு இருந்தது என்பதையும் இங்கே எழுதி வைக்கிறேன். ஆகவே இது யாரையும் சுட்டிக்காட்டும் கடிதம் அல்ல. அப்படிச் சுட்டினால் முதல் விரல் என்னை நோக்கித்தான் நீளும்.

சத்தம் ஒரு பக்கம் இருக்கட்டும். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது சந்தேகம். இன்று எந்தச் சாதாரணப் போனிலும் ஓடும் செஸ் இன்ஜின் உலக சாம்பியனையே வெல்லும். நம்மில் யாரும் அதைப் பார்த்து ஆடுகிறார் என்று நான் சொல்லவில்லை, நினைக்கவும் இல்லை. ஆனால் சிக்கலான நிலையில் ஒருவர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டு வந்து, உட்கார்ந்த கையோடு ஒரு அருமையான குதிரைத் தியாகம் செய்தால், எதிரே இருப்பவருக்கு உறுத்தத்தானே செய்யும்? அவர் வாய்விட்டுக் கேட்கவும் மாட்டார், மறக்கவும் மாட்டார். அந்த நகர்வை ராத்திரி முழுக்க யோசித்துக் கண்டுபிடித்தவருக்கும் அது அநியாயம்.

ஃபிடே விதிகள் இதில் நம்மைவிட எவ்வளவோ கறார். போட்டி நடக்கும் இடத்தில் நடுவரின் அனுமதி இல்லாமல் போன் வைத்திருப்பது தெரிந்தாலே அந்த ஆட்டம் தோல்விதான். 2003-இல் பல்கேரியாவின் ப்ளோவ்டிவ் நகரில் நடந்த ஐரோப்பிய அணிகள் சாம்பியன்ஷிப்பில், அப்போது ஃபிடே உலக சாம்பியனாக இருந்த ருஸ்லான் பொனமரியோவ், ஆட்டத்தின் நடுவே போன் ஒலித்ததால் தோற்றதாக அறிவிக்கப்பட்டார். அன்று அவருக்கு இருபதாவது பிறந்தநாள் வேறு.

போட்டி அமைப்பவர்கள் தண்டனையைக் குறைத்துக்கொள்ள அதே விதிகளில் இடம் இருக்கிறது. அதனால் நம் வாராந்தர ஆட்டங்களில் முதல் முறை எச்சரிக்கை, இரண்டாம் முறை எதிராளிக்குக் கூடுதலாக இரண்டு நிமிடம், மூன்றாம் முறை தோல்வி. இது செயலாளருக்கும் சேர்த்துத்தான்.

வீட்டில் உடம்பு சரியில்லாதவர் இருக்கிறார், ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வரும் என்றால் ஆட்டம் தொடங்குமுன் என்னிடம் சொல்லுங்கள், காரணம் விளக்க வேண்டியதில்லை. உங்கள் போன் அணைக்காமலே என் மேஜையில் இருக்கும். அழைப்பு வந்தால் நானே வந்து கூப்பிடுகிறேன், கடிகாரத்தையும் நிறுத்துகிறேன். நான் ஆடிக்கொண்டிருக்கும் நாளில் பொருளாளர் பார்த்துக்கொள்வார்.

போனையே கடிகாரமாக வைத்து ஆடுகிறவர்கள் இரண்டு மூன்று பேர் இருக்கிறீர்கள். பழுதாகிக் கிடந்த நான்கு கடிகாரங்களைச் சரிசெய்து வாங்கிவிட்டோம். இனி எல்லா மேஜைக்கும் ஒன்று இருக்கும். நிலையைப் படம் எடுத்து வைக்கும் வழக்கமும் வேண்டாம், ஸ்கோர் ஷீட்டில் எழுதுங்கள். ஆட்டம் முடிந்தபின் இன்ஜினைப் போட்டு எங்கே தப்பு என்று பார்க்க வேண்டுமானால் பக்கத்து அறை இருக்கிறது. அங்கே எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பாருங்கள், மெதுவாகப் பேசிக்கொண்டு.

வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்கும் இதே ஏற்பாடுதான். பிள்ளைகளை அழைத்துவரும் பெற்றோர் போன் பார்க்க வேண்டுமானால் வெளி வராந்தாவில் நாற்காலி போட்டிருக்கிறோம்.

அலமாரித் தட்டுகளில் எண் எழுதியிருக்கிறது. உங்கள் எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே மாதிரி கறுப்பு உறை போட்ட போன்கள் நம்மிடம் குறைந்தது ஆறு இருக்கின்றன.

இப்படிக்கு,
செயலாளர்