தாயாருக்குப் பாம்பு கடித்ததால் விடுபட்ட இன்டெர்னல் தேர்வை மீண்டும் எழுத அனுமதி கோரி

நாள்: 22.09.2025
இடம்: மதுரை

அனுப்புநர்
ம. கவிதா,
இளங்கலை வேதியியல், இரண்டாம் ஆண்டு, ‘ஆ’ பிரிவு.

பெறுநர்
கல்லூரி முதல்வர் அவர்கள்,
மதுரை.
(வேதியியல் துறைத்தலைவர் வழியாக)

மதிப்பிற்குரிய அம்மா,

வணக்கம். கடந்த 16.09.2025 செவ்வாய்க்கிழமை காலை 10 மணிக்கு நடந்த கரிம வேதியியல் இரண்டாம் இன்டெர்னல் தேர்வை என்னால் எழுத முடியவில்லை. அந்தத் தாளை மீண்டும் எழுத அனுமதிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் ஊர் நிலக்கோட்டை பக்கம். அம்மா விடியற்காலையில் மல்லிகைத் தோட்டத்தில் கூலிக்குப் பூப்பறிக்கப் போவார். அன்று இருட்டு விலகுவதற்கு முன்பே அவரைப் பாம்பு காலில் கடித்துவிட்டது. கூட இருந்தவர்கள் கண்ணாடி விரியன் என்றார்கள். அப்பா திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறார். வீட்டில் நானும் ஏழாம் வகுப்பு படிக்கும் தம்பியும்தான். 108-க்குச் சொல்லி, அரசு மருத்துவமனைக்கு நான்தான் அழைத்துப் போனேன்.

அங்கே அம்மாவின் ரத்தத்தைக் கொஞ்சம் எடுத்து, கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் ஆட்டாமல் அசைக்காமல் வைத்தார்கள். குழாயைச் சாய்த்தபோது ரத்தம் உறையாமல் தண்ணீர் மாதிரி ஓடியது. உடனே விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள். சிறுநீரகம் பாதிக்கலாம் என்பதால் மதுரை பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். தேர்வு தொடங்கும் நேரத்தில் நான் அங்கே அம்மாவுக்கு அட்மிஷன் சீட்டு போட்டுக்கொண்டிருந்தேன். கல்லூரி அதே ஊரில்தான் இருக்கிறது. ஆனாலும் மருந்து வாங்கவும் கையெழுத்துப் போடவும் வேறு ஆள் இல்லாததால் நகர முடியவில்லை. அப்பா மாலையில்தான் வந்து சேர்ந்தார். வகுப்பு ஆசிரியருக்குக் காலையிலேயே போனில் தகவல் சொல்லிவிட்டேன்.

அம்மா சனிக்கிழமை வீடு திரும்பிவிட்டார். காலில் வீக்கம் இன்னும் வடியவில்லை, மற்றபடி நலம்.

மாணவிக்கே உடல்நலம் இல்லாமல் போனால்தான் மறுதேர்வு தருவது வழக்கம் என்று துறையில் சொன்னார்கள். அந்த வழக்கம் எதற்காக என்று புரிகிறது. ஆனால் அன்று நான் தேர்வுக்கு வந்திருந்தால் அம்மாவின் பக்கத்தில் பெரியவர்கள் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். இதையும் அதே கணக்கில் எடுத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன். இந்தத் தாளுக்கு இன்டெர்னல் 25 மதிப்பெண். இரண்டு தேர்வுகளின் சராசரியில் அது போடப்படுவதால், ஒன்றில் பூஜ்யம் என்றால் முதல் தேர்வில் வாங்கியதும் பாதியாகிவிடும்.

வினாத்தாள் வேறாக இருக்கட்டும். இன்டெர்னல் மதிப்பெண் பதிவு முடிவதற்குள் எந்த நாளில் வைத்தாலும், வகுப்பு முடிந்த பிறகு என்றாலும் சரி, எழுதத் தயாராக இருக்கிறேன். மதிப்பெண் பட்டியல் போகும் முன் தங்கள் முடிவைத் துறைக்குத் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிந்துள்ள மாணவி,
ம. கவிதா

இணைப்பு: அட்மிஷன் சீட்டு நகல், டிஸ்சார்ஜ் சம்மரி நகல், அப்பாவின் கையொப்பமிட்ட கடிதம்.