கொடைக்கானல் படம் பற்றி, கார்த்திக்குக்கு

கார்த்திக்,

இதைப் போனில் சொன்னால் பாதியிலேயே எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும், நீங்களும் உடனே சமாதானம் சொல்ல ஆரம்பித்துவிடுவீர்கள். அதனால் எழுதுகிறேன். வேலை முடிந்து, சாப்பிட்டுவிட்டு, நிதானமாகப் படியுங்கள். இன்றைக்கே பதில் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை ஈரோடு வரும்போது பேசிக்கொள்ளலாம்.

போன வாரம் சித்தி வீட்டுக்குப் போயிருந்தோம். சித்தி மகள் "மாமா பேஜைப் பார்க்கணும்" என்று உங்கள் இன்ஸ்டாகிராமைத் திறந்தாள். நிச்சயதார்த்தப் படங்களுக்கெல்லாம் லைக் போட்டுவிட்டு, கீழே தள்ளிக்கொண்டே போனவள் 2019-இல் நின்றாள். கொடைக்கானல் ஏரிக்கரை. உங்கள் பழைய காதலியின் கையில் பாதி தின்ற சுட்ட சோளம், தோளில் உங்கள் சாம்பல் நிற ஸ்வெட்டர். படத்துக்குக் கீழே ஒரே வார்த்தை: "வீடு". அவள் போனைச் சட்டென்று மடியில் கவிழ்த்துக்கொண்டாள். சித்தி "யாரு அது?" என்று கேட்டார். "காலேஜ் ஃப்ரெண்டு" என்று நான் சொன்னேன்.

உங்களுக்கு முன்பு ஒரு காதல் இருந்தது எனக்குப் புதிதில்லை. முதல் முறை நீங்கள் வீட்டுக்கு வந்தபோது மொட்டை மாடியில் நின்று நீங்களாகவே சொன்னீர்கள். மூன்று வருடம் பழகினோம், சண்டை போட்டுப் பிரியவில்லை, இரண்டு வீட்டிலும் ஒத்துவரவில்லை என்றீர்கள். அந்த நேர்மைதான் உங்களை எனக்குப் பிடிக்க வைத்தது. நானும் என் கதையைச் சொன்னேன். அதில் எதையும் இப்போது திருப்பிக் கேட்கப் போவதில்லை.

எனக்கு வலித்தது இரண்டு விஷயம். சித்தியிடம் ஒரு பொய் சொல்ல வேண்டி வந்தது. அப்புறம், அந்த வார்த்தை. போன மாதம் கோயம்புத்தூரில் வாடகைக்கு வீடு பார்த்துவிட்டு வரும்போது நீங்கள் என்னிடம் சொன்ன வார்த்தையும் அதுதானே. அன்று மனதாரச் சொன்னீர்கள் என்று தெரியும். 2019-இலும் மனதாரத்தான் எழுதியிருப்பீர்கள். அதில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் இரண்டும் ஒரே நேரத்தில் ஊருக்குத் திறந்து கிடக்க வேண்டாம் என்று தோன்றுகிறது.

நீங்களும் அவரும் மட்டும் ஜோடியாக இருக்கிற படங்களை மற்றவர் கண்ணிலிருந்து எடுத்து வையுங்கள். அழிக்கச் சொல்லவில்லை. படத்தின் மேல் இருக்கிற மூன்று புள்ளியைத் தொட்டால் Archive என்று வரும். அதைக் கொடுத்தால் படமும் அதன் கீழே இருக்கிற கமென்ட்களும் அப்படியே இருக்கும், உங்களுக்கு மட்டும் தெரியும். உங்கள் இருபத்தைந்து வயது உங்களுடையது. அதைக் கிழித்துப் போடச் சொல்ல எனக்கு உரிமை இல்லை, ஆசையும் இல்லை. கூட்டமாக எடுத்த படங்கள், கல்லூரி டூர், நண்பர் கல்யாணம், இதில் அவர் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

உங்கள் நண்பர்கள் பழைய படங்களை எடுத்துப் போட்டு டேக் செய்கிறார்கள். போன மாதம் உங்கள் பிறந்தநாளுக்கு இரண்டு பேர் அப்படிச் செய்தார்கள், நீங்கள் சங்கடப்பட்டதையும் பார்த்தேன். செட்டிங்ஸில் Manually approve tags என்பதைப் போட்டுவிட்டால், நீங்கள் சம்மதிக்காமல் எதுவும் உங்கள் பக்கத்தில் வராது. நானும் போட்டுவிட்டேன். அவர்கள் பக்கத்தில் படம் இருக்கத்தான் செய்யும், அதற்காக யாரிடமும் சண்டைக்குப் போக வேண்டாம். அவர் பக்கத்தில் உங்கள் படம் இருந்தாலும் அப்படித்தான். எடுக்கச் சொல்லி அவருக்குத் தூது அனுப்பக்கூடாது. இந்தப் பேச்சில் இல்லாத ஒருவருக்கு நாம் வேலை வைக்கக்கூடாது. அதனால்தான் அவர் பெயரைக்கூட இதில் எழுதவில்லை.

அவர் எப்போதாவது மெசேஜ் அனுப்பினால், "அனுப்பியிருந்தாங்க" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், போதும். உள்ளே என்ன இருந்தது என்று காட்ட வேண்டாம். அவர் வீட்டில் ஒரு நல்லது கெட்டது என்றால் நீங்கள் விசாரிப்பதில் எனக்கு வருத்தமே இல்லை. இரவு பதினொரு மணிக்கு மேல் பழைய பேச்சு ஓடினால் வருத்தப்படுவேன், அதை மறைக்க மாட்டேன். பிளாக் செய், அன்ஃபாலோ செய் என்று நான் சொல்லப் போவதில்லை. அது உங்கள் முடிவு. உங்கள் பாஸ்வேர்டும் எனக்கு வேண்டாம். என்னுடையதும் உங்களுக்குத் தர மாட்டேன்.

நான் செய்த ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். சித்தி வீட்டிலிருந்து வந்த அன்று இரவு ஒன்றரை மணி வரை அவர் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வேலை, அவர் அக்கா குழந்தை, எல்லாம். அது அவருக்கும் நியாயமில்லை, எனக்கும் நல்லதில்லை. இனி பார்க்க மாட்டேன். என் பழைய ஆளின் பக்கத்தை நீங்களும் தேடிப் போகாதீர்கள்.

என் பழைய ஆளோடு என் பக்கத்தில் இருந்த பதினொரு படங்களை நேற்றே ஆர்க்கைவ் செய்துவிட்டேன். ஃபேஸ்புக் ஒவ்வொரு வருடமும் அதே தேதியில் பழசைத் தூக்கிக் காட்டும், அந்த மெமரீஸ் செட்டிங்கில் என் பழைய ஆளின் பெயரை மறைத்துவிட்டேன். நீங்களும் அங்கே ஆளையோ தேதியையோ மறைக்கலாம். காலையில் பல் தேய்க்கும்போது நமக்கே அது கண்ணில் படாமல் இருப்பது நல்லதுதானே.

ஒரே ஒரு படத்தில் மட்டும் கை வைக்க முடியவில்லை. 2020 பொங்கல், எங்கள் வீட்டு வாசல். அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பானை பொங்குவதைப் பார்த்து வாய்விட்டுச் சிரிக்கிறார். அடுத்த வருடம் அப்பா இல்லை. அவர் அப்படிச் சிரித்த வேறு படம் எங்களிடம் கிடையாது. அவர் பக்கத்தில் தோளில் கை போட்டுக்கொண்டு நிற்பது நீங்கள் நினைக்கிற ஆள்தான். ஆளை வெட்டிவிடு என்று தோழி சொன்னாள். வெட்டிப் பார்த்தேன். அப்பா தோளில் யாருடையதோ ஒரு கை மட்டும் மிச்சம் இருக்கிறது, பார்க்கவே முடியவில்லை. அந்தப் படம் என் பக்கத்தில் அப்படியே இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். உங்களுக்கு அது கஷ்டமாக இருந்தால் சொல்லுங்கள், ஆர்க்கைவில் வைத்துக்கொள்கிறேன். அழிக்க மட்டும் கேட்காதீர்கள். உங்களிடமும் இப்படி ஒரு படம் இருக்கலாம். இருந்தால் எது, ஏன் என்று சொல்லுங்கள், அதை விட்டுவிடலாம்.

இன்னொன்று. நம் படங்களையும் ஒருவரை ஒருவர் கேட்டுவிட்டே போடலாம். மருதாணிப் படத்தை நீங்கள் ஸ்டோரியில் போட்டபோது சந்தோஷப்பட்டேன், ஆனால் அம்மாவுக்கு அது தெரியாமல் பெரியப்பா வீட்டிலிருந்து போன் வந்துவிட்டது. என்ன சண்டை வந்தாலும் அதைப் பற்றி ஸ்டேட்டஸ் போடுவது, மறைமுகமாக எழுதுவது இரண்டு பேருக்கும் வேண்டாம். கோபம் வந்தால் எனக்கே போன் செய்து திட்டுங்கள்.

இதில் ஏதாவது அதிகப்படியாகத் தோன்றினால் அதையும் ஞாயிற்றுக்கிழமை சொல்லுங்கள். நான் யோசிக்காமல் விட்டது இருந்தாலும் சொல்லுங்கள். அப்பா படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு வைத்திருக்கிறேன், வரும்போது காட்டுகிறேன்.

நிலா