பால்வெட்டு

வானொலிக் குறுநாடகம். குலசேகரம் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம், விடியற்காலை 4 மணி. பாட்டா (70), பேத்தி செல்வி (20).

| ஒலி | உரையாடல் |
|---|---|
| சீவிடு இரைச்சல். சருகில் இருவர் நடை. ஒருவர் கால் இழுத்து. | பாட்டா: லைட்டை மரத்துல அடி மக்களே, எம் மூஞ்சில இல்ல. |
| பழைய வெட்டில் காய்ந்து ஒட்டிய ஒட்டுப்பால் உரியும் 'சர்ர்ர்'. மைக்குக்கு மிக அருகில். | செல்வி: இது எனக்கு. பந்து உருட்டணும்.
பாட்டா: இந்த வயசுல பந்தா! காசாக்கும் அது. சாக்குல போடு. |
| கத்தி பட்டையைச் சீவுகிறது: மெல்ல, மெல்ல, பிறகு 'கறக்'. | பாட்டா: நிறுத்து! பட்டைக்கு உள்ள தடியில பட்டுட்டு பாத்தியா? இனி அங்க பட்டை முண்டும் முடிச்சுமாத்தான் வளரும்.
செல்வி: நீங்க சீவுனா மட்டும் சத்தமே இல்ல.
பாட்டா: மரத்துக்குத் தெரியாம சீவணும். |
| ஐந்து விநாடி அமைதி. சிரட்டையில் சொட்டு... சொட்டு. (இதை அவசரப்படுத்த வேண்டாம்; நாடகமே இந்தச் சொட்டுதான்.) | செல்வி: (கிசுகிசுப்பாக) வருகு பாட்டா! |
| தொலைவில் இடி. இலைமேல் தூறல், சொட்டு ஒலி அதில் கரைகிறது. | பாட்டா: போச்சு. பக்கெட்டை எடு பிள்ளே!
செல்வி: கால் சிரட்டைகூட இல்லியே!
பாட்டா: மழைத்தண்ணி விழுந்தா அதுவும் இல்ல. ஓடு! |
| ஓட்டம். பக்கெட் பிடி கிணுங்குகிறது. மழை வலுத்து, மெல்ல மறைகிறது. | |