விசா பற்றிய உங்கள் கேள்விகளுக்கு என் பதில் (தமிழ் உள்ளடக்க ஆசிரியர் வேலை)

வணக்கம் மலர்விழி அக்கா,

செவ்வாய்க்கிழமை நீங்கள் அனுப்பிய மெயில் கிடைத்தது. சுற்றி வளைக்காமல் மூன்று கேள்விகளுக்கும் முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், விளக்கம் பிறகு.

சிங்கப்பூரில் வேலை செய்ய எனக்கு இப்போது அனுமதி இருக்கிறதா? இல்லை. நான் இலங்கைக் குடியுரிமை உள்ளவள், என்னிடம் இருப்பது இலங்கைக் கடவுச்சீட்டு மட்டும்தான்.

நிறுவனம் எனக்காக விண்ணப்பிக்க வேண்டுமா? ஆம், எம்ப்ளாய்மென்ட் பாஸ் வேண்டும்.

பிற்காலத்திலும் வேண்டியிருக்குமா? வேண்டியிருக்கும். முதல் பாஸ் அதிகபட்சம் இரண்டு வருடத்துக்குத் தருவார்கள், புதுப்பிக்கும்போது மூன்று வருடம் வரை கிடைக்கும், ஒவ்வொரு தடவையும் விண்ணப்பிக்க வேண்டியது நிறுவனம்தான். இதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது, இரண்டு வருடம் கழித்து உங்களுக்குப் புதுச் செய்தியாக வரக்கூடாது.

பிள்ளைகளுக்கான தமிழ்க் கதைகளைத் திருத்தும் இந்த வேலை எனக்கு வேண்டும் என்பதில் எந்த மாற்றமும் இல்லை அக்கா. போன வாரம் வீடியோவில் நாம் பேசியதற்குப் பிறகு இன்னும் கூடியிருக்கிறது.

சிங்கப்பூரில் வேலை செய்ய அனுமதி இருக்கிறதா என்ற கேள்வி விண்ணப்பப் படிவத்திலேயே இருந்தது. வெள்ளவத்தையில் என் அறையில் உட்கார்ந்து அதை நிரப்பிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் இருந்த தோழி, "ஆம் என்று போடு, நேர்முகம் முடியட்டும், பிறகு பேசிக்கொள்ளலாம்" என்றாள். அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, 'இல்லை' என்று போட்டதால் ஐந்தாறு இடத்தில் பதிலே வராமல் போனவள் அவள். ஆனாலும் நான் 'இல்லை' என்றுதான் போட்டேன். சேர்ந்து வேலை செய்யப்போகிறவர்களிடம் முதல் வரியிலேயே பொய் சொல்லிவிட்டு, பிறகு பிள்ளைகளுக்கான கதையில் ஒரு சொல் சரியா பிழையா என்று அவர்களோடு வாதாட என்னால் முடியாது. அதைப் பார்த்த பிறகும் நீங்கள் என்னை அழைத்தீர்கள், அதற்கு நன்றி.

இனி விஷயத்துக்கு வருகிறேன். வெளிநாட்டிலிருந்து இந்த வேலைக்கு நீங்கள் ஆள் எடுப்பது இதுதான் முதல் தடவை என்று சொன்னீர்கள். அதனால் சிங்கப்பூர் மனிதவள அமைச்சின் தளத்தில் உள்ளதை நான் உட்கார்ந்து வாசித்து, நமக்குப் பொருந்துவதை மட்டும் கீழே எழுதுகிறேன். உங்கள் மனிதவளப் பிரிவு இதை ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளட்டும்.

பிரித்தானியாவில் போல, ஆள் எடுப்பதற்கு முன் நிறுவனம் தனியாக ஸ்பான்சர் உரிமம் எடுக்க வேண்டும் என்ற கதை சிங்கப்பூரில் இல்லை. நிறுவனமே அமைச்சின் தளத்தில் ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பத்துக்கு 105 சிங்கப்பூர் வெள்ளி, பாஸ் வழங்கும்போது 225 வெள்ளி. எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கு, நிறுவனம் அரசுக்குக் கட்டும் மாத லெவியும் இல்லை, வெளிநாட்டவர் இத்தனை பேர்தான் என்ற ஒதுக்கீட்டு எண்ணிக்கையும் இல்லை. இடைநிலைத் திறனாளர்களுக்கான எஸ் பாஸுக்குத்தான் அவை இரண்டும் உண்டு, அதனால் அந்த வழியை நான் கேட்கவில்லை. ஆன்லைன் விண்ணப்பங்களுக்குப் பெரும்பாலும் பத்து வேலைநாட்களில் பதில் வந்துவிடும். கொள்கையளவில் ஒப்புதல் கிடைத்தால், நான் அங்கே வந்து பாஸை எடுத்துக்கொள்ள ஆறு மாதம் அவகாசம் இருக்கும்.

சம்பளம்தான் கவனமாகப் பார்க்க வேண்டிய இடம். 2025 முதல் எம்ப்ளாய்மென்ட் பாஸுக்குக் குறைந்தபட்சத் தகுதிச் சம்பளம் 5,600 வெள்ளி (நிதித்துறைக்கு மட்டும் அதைவிடக் கூட). ஆனால் அது 23 வயதுக்காரருக்கு உள்ள எண், வயதோடு ஏறிக்கொண்டே போய் 45 வயதில் 10,700 ஆகிறது. எனக்கு 27 வயது. விளம்பரத்தில் நீங்கள் போட்டிருந்த 7,000 வெள்ளி என் வயதுக்கான வரம்பைத் தாண்டிவிடும். வரம்பைத் தாண்டினால் மட்டும் போதாது, காம்பாஸ் என்ற புள்ளி முறையில் 40 புள்ளி சேர வேண்டும்.

நம் கணக்கு இப்படி வருகிறது. உங்களிடம் மொத்தமே பதினெட்டுப் பேர் என்றீர்கள். நிபுணர், நிர்வாகி தரத்தில் 25 பேருக்குக் குறைவாக இருக்கும் நிறுவனத்துக்கு, பணியாளர்களின் நாட்டுப் பன்முகத்துக்குப் பத்துப் புள்ளியும் உள்ளூர் வேலைவாய்ப்புக்குப் பத்துப் புள்ளியும் தானாகவே கிடைக்கும். என் பட்டத்துக்குப் பத்து. ஆக முப்பது. மீதிப் பத்து சம்பளத்திலிருந்து வர வேண்டும், அதாவது உங்கள் துறையில் என் வயதுக்காரர்கள் வாங்கும் சம்பளத்தோடு ஒப்பிட்டு அமைச்சு போட்டிருக்கும் அளவுகோலை 7,000 தொட வேண்டும். உங்கள் நிறுவனம் எந்தத் துறையின் கீழ் பதிவாகியிருக்கிறதோ அதைப் பொறுத்தது அது, கல்வியா பதிப்புத்துறையா என்பதில் எண் மாறும். அமைச்சின் தளத்தில் சுயமதிப்பீட்டுக் கருவி ஒன்று இருக்கிறது, விண்ணப்பிக்க முன்பே அதில் போட்டுப் பார்த்துவிடலாம். தயவுசெய்து வேலை நியமனக் கடிதம் அடிக்க முன் அதைப் பார்த்துவிடுங்கள் அக்கா. 7,000 போதாது என்று வந்தால் அதை இப்போதே பேசுவதுதான் உங்களுக்கும் எனக்கும் நல்லது.

இன்னொன்று, பத்துப் பேருக்கு மேல் இருக்கும் நிறுவனம் என்பதால், விண்ணப்பிக்க முன் இந்த வேலை MyCareersFuture என்ற அரசு வேலைவாய்ப்புத் தளத்தில் குறைந்தது 14 நாள் இருந்திருக்க வேண்டும். நான் விளம்பரத்தை உங்கள் சொந்தத் தளத்தில்தான் பார்த்தேன். அங்கேயும் போட்டிருந்தீர்களா என்று மட்டும் பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் அந்த இரண்டு வாரத்தையும் சேர்த்துத்தான் நாள் குறிக்க வேண்டும். அங்கே விண்ணப்பிக்கும் சிங்கப்பூர்க்காரர்களையும் நீங்கள் நியாயமாகப் பார்க்க வேண்டும் என்பதற்குத்தான் அந்த விதி. அதில் எனக்கு மனக்குறை இல்லை, என்னைவிடப் பொருத்தமானவர் கிடைத்தால் நேராகச் சொல்லுங்கள்.

என் பக்கத்தில் நடப்பவை: பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ச் சிறப்புப் பட்டம் முடித்தவள் நான். அந்தப் பத்துப் புள்ளி வேண்டுமென்றால், அமைச்சு ஏற்கும் சரிபார்ப்பு நிறுவனம் ஒன்றின் மூலம் பட்டத்தைச் சரிபார்த்த சான்று வேண்டும். பெறுபேற்றுப் பத்திரத்தின் பிரதிக்குப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிவிட்டேன், வந்ததும் சரிபார்ப்பை நானே தொடங்குகிறேன், அந்தச் செலவு என்னுடையது. கடவுச்சீட்டு 2033 வரை இருக்கிறது. புறப்பட முன் பத்தரமுல்லையில் உள்ள வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிய வேண்டும், அதையும் நான் பார்த்துக்கொள்வேன், கையொப்பமிட்ட ஒப்பந்தத்தின் பிரதி மட்டும் உங்களிடமிருந்து தேவைப்படும். இப்போதைய வேலையில் இரண்டு மாத முன்னறிவிப்பு. யாரையும் கூட அழைத்து வரவில்லை, அம்மா அண்ணன் வீட்டில் இருப்பார், ஆகவே குடும்பத்தாருக்கான பாஸ் எதுவும் வேண்டாம்.

"சும்மா ஒரு மாதம் வந்து தொடங்கேன், இலங்கைக்காரருக்கு விசாவே வேண்டாமே" என்று உங்கள் சக பணியாளர் ஒருவர் அன்பாகச் சொன்னார். சுற்றிப் பார்க்க வருவதற்கு அது சரிதான். அந்த அனுமதியில் வேலை செய்யக்கூடாது, நான் செய்யவும் மாட்டேன். பிடிபட்டால் எனக்கு மட்டுமில்லை, உங்களுக்கும் சிக்கல்.

அவசரம் என்றால் வேறு வழி இருக்கிறது. பாஸ் வரும்வரை கொழும்பிலிருந்தே, ஒப்பந்த அடிப்படையில், கதைக்கு இவ்வளவு என்று செய்து தருகிறேன். நமக்குள் இரண்டரை மணி நேரம்தான் வித்தியாசம், நீங்கள் ஒன்பதரைக்குக் கூட்டம் வைத்தால் எனக்குக் காலை ஏழு, அது பிரச்சினையே இல்லை. ஆனால் அதை நிரந்தர வேலைக்குப் பதிலாக நான் கேட்கவில்லை. பிள்ளைகள் கதையை வாசிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும், அதற்கு அங்கே இருக்க வேண்டும்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நீங்கள் தந்த மாதிரிக் கதை ஐந்தையும் என் அண்ணன் மகளுக்கு வாசித்துக் காட்டினேன், ஏழு வயது. மூன்றாவது கதையில் "ஆரஞ்சு" என்று வந்ததும் நிறுத்தினாள். "அது தோடம்பழம் தானே?" அவளுக்குப் பிறந்ததிலிருந்து தோடம்பழம்தான். சிங்கப்பூரில் வளரும் பிள்ளைக்கு ஆரஞ்சுதான் தெரியும், அதனால் கதையில் ஆரஞ்சு அப்படியே இருக்கட்டும் என்று விட்டேன். ஆனால் அடுத்த பக்கத்தில் பாட்டி "விரைந்து புறப்படுவாயாக" என்று சொல்லும் இடத்தில் அவள் சிரித்துவிட்டாள். எந்த ஊர்ப் பாட்டி அப்படிப் பேசுகிறார்? அதை "சீக்கிரம் கிளம்பு, கண்ணு" என்று மாற்றியிருக்கிறேன். தமிழ் அங்கே ஆட்சிமொழி, பள்ளியில் தாய்மொழிப் பாடம், ஆனால் வீட்டில் ஆங்கிலமே பேசும் பிள்ளைக்கு அது பாட்டியின் வாயிலிருந்து வருகிற மொழியாக இருந்தால்தான் ஒட்டும் என்று அன்றைக்கு நீங்கள் சொன்னது மனதில் நின்றுவிட்டது. நான் பட்டம் படித்த காலத்திலிருந்து செய்ய நினைத்த வேலை இதுதான். சிங்கப்பூர்ப் பேச்சுத்தமிழ் எனக்கு இன்னும் காதில் முழுதாகப் பழகவில்லை, அதையும் ஒளிக்கவில்லை. கற்றுக்கொள்ள மூன்று மாதம் தாருங்கள், உங்கள் ஊர்ப் பிள்ளைகளே எனக்கு ஆசிரியர்களாக இருப்பார்கள்.

திருத்திய ஐந்து கதைகளையும், ஏன் மாற்றினேன் என்ற குறிப்போடு, இதோடு இணைத்திருக்கிறேன். உங்கள் மனிதவளப் பிரிவு சுயமதிப்பீட்டில் போட்டுப் பார்க்க என் பிறந்த தேதியும் பட்டத்தின் விவரமும் இரண்டாவது இணைப்பில் உள்ளன.

வியாழன் அல்லது வெள்ளி, சிங்கப்பூர் நேரம் மாலை ஆறுக்குப் பிறகு அரைமணி நேரம் பேசலாமா? அதற்குள் அந்தச் சம்பள எண் தெரிந்துவிட்டால் அங்கிருந்தே தொடங்கலாம். பாஸ் பொறுப்பை இந்த வருடம் நிறுவனம் ஏற்க முடியாது என்று முடிவானாலும் சொல்லிவிடுங்கள் அக்கா, வருத்தமாக இருக்கும், ஆனால் கதைகளைப் பற்றி நாம் பேசியதை நான் விடமாட்டேன், ஒப்பந்த வேலைக்கு அப்போதும் தயார்.

அன்புடன்,
தாரணி
வெள்ளவத்தை, கொழும்பு 6