பொருள்: செப்டம்பர் மாத ஜிஎஸ்டி ஒப்பீட்டு அறிக்கை

அன்புள்ள நிவேதா,

கொள்முதல் பதிவேட்டை ஜிஎஸ்டிஆர்-2பி உடன் ஒப்பிட்டு நீங்கள் அனுப்பிய அறிக்கையை முழுவதும் படித்தேன். ஒரே பில் இருமுறை பதிவாகியிருந்ததை நீங்கள் கண்டுபிடித்திராவிட்டால், உரிமையில்லாத உள்ளீட்டு வரி வரவை எடுத்திருப்போம். அந்தக் கூர்மை பாராட்டுக்குரியது.

திருத்த வேண்டியது ஒன்று உண்டு. பொருந்தாத பதிவுகளுக்கு எதிரே ‘வேறுபாடு உள்ளது’ என்று மட்டும் எழுதியிருப்பதால், விற்பனையாளர் ஜிஎஸ்டிஆர்-1 தாக்கல் செய்யவில்லையா, நம் பதிவில் பில் எண் தவறா என்பது தெரியாமல், அடுத்து யாரிடம் கேட்பதென்று முடிவெடுக்க இயலவில்லை. நம் படிவத்திலேயே காரணம் எழுத இடமில்லை என்பதால் இதை உங்கள் கவனக்குறைவாக நான் கருதவில்லை. மாற்றிய படிவத்தை இணைத்துள்ளேன்.

ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கலுக்கு 20ஆம் தேதி கடைசி நாள் என்பதால், 17ஆம் தேதிக்குள் திருத்தி அனுப்புங்கள். அடுத்த மாதம் விற்பனையாளர்களிடம் விளக்கம் கேட்கும் பொறுப்பையும் உங்களிடமே ஒப்படைக்க விரும்புகிறேன்.

அன்புடன்,
மாலதி
மேலாளர், கணக்குப் பிரிவு